சன்னல் நமது, வெளிச்சம் யாருடையது?

பக்கத்து நிலத்தில் தகரவேலி அடித்து, அடுக்குமாடி எழும்பப் போவதாக அறிவிப்புப் பலகையும் நட்டுவிட்டால், அந்த வரிசையில் உள்ள வீடுகளில் எல்லாம் ஒரே பேச்சுதான். “நம்ம சன்னலை மறைச்சிடுவானே, சட்டத்துல இதுக்கு வழி இல்லையா?” இதை ஒட்டியே இன்னொரு நம்பிக்கையும் வலம்வரும். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு சன்னல் வழியாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தால், அதை யாரும் மறைக்க முடியாது என்பதே அது. சட்டம் படித்தவன் என்ற முறையில் என்னிடம் பலர் இதை ஒரு கேள்வியாகக்கூடக் கேட்பதில்லை. முடிவான செய்தியாகவே சொல்கிறார்கள்.

அந்த நம்பிக்கை அடியோடு பொய்யன்று. ஆனால், அது வேறு நாட்டின் சட்டம். தீபகற்ப மலேசியாவில் அதை நம்பிக் காத்திருப்பவர், உண்மையில் தமக்கு உள்ள ஓர் உரிமையைக் கைநழுவ விட்டுவிடக்கூடும். அந்த உரிமைக்குச் சட்டம் தரும் காலம் வெறும் 21 நாள். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருபது ஆண்டு எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தில் 1832ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நீடனுபவச் சட்டத்திலிருந்துதான் இந்த எண் வந்தது. ஒரு கட்டடத்தின் சன்னல் வழியாக 20 ஆண்டுகள் தடையின்றி வெளிச்சம் வந்து, அது பக்கத்து நிலத்துக்காரரின் எழுத்துமூலமான சம்மதத்தால் கிடைத்ததாக இல்லாவிட்டால், அந்த வெளிச்சம் அந்தக் கட்டடத்தின் உரிமையாகிவிடும். சட்டத்தில் இதற்கு ஈஸ்மென்ட் என்று பெயர். தமிழில் வசதியுரிமை எனலாம். நம் நிலத்தின் நன்மைக்காக அடுத்தவர் நிலத்தின்மேல் நமக்குள்ள உரிமை என்பது இதன் பொருள். இந்தியாவின் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டமும் 20 ஆண்டு என்றே சொல்கிறது. ஆகவே ஆங்கிலேயச் சட்ட நூலைப் படித்தவரும், தமிழ்நாட்டு இதழ்களின் சட்டக் கேள்வி-பதில் பகுதியைப் படித்தவரும் அதே எண்ணைச் சொல்வதில் வியப்பில்லை.

அங்கேயும் அந்த உரிமைக்கு வரம்பு உண்டு. 1904ஆம் ஆண்டு, இலண்டன் வொர்ஷிப் சாலையில் இருந்த ஒரு வாணிப நிறுவனம், எதிரே எழவிருந்த கட்டடம் தன் அலுவலக வெளிச்சத்தைக் குறைக்கும் என்று தொடுத்த வழக்கு பிரபுக்கள் சபைவரை சென்றது. அந்த நிறுவனம் தோற்றது. எவ்வளவு வெளிச்சம் போயிற்று என்பது கேள்வியன்று, எஞ்சியிருப்பது சாதாரண மனிதரின் சாதாரணத் தேவைக்குப் போதுமா என்பதே கேள்வி என்று பிரபுக்கள் சபை வகுத்தது. நிறைய வெளிச்சம் உள்ள அறையில் பாதி போனாலும் வழக்கு நிற்காமல் போகலாம். ஏற்கெனவே மங்கலான அறையில் சிறிது போனாலும் நிற்கலாம்.

“போதுமா” என்பதை அளப்பது எப்படி? பெர்சி வால்ட்ராம் என்ற அளவையாளர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு ஒரு முறை வகுத்தார். மேசை உயரத்தில், அதாவது தரையிலிருந்து சுமார் 85 சென்டிமீட்டர் உயரத்தில், அறையின் எந்தப் பகுதிக்கு வானம் ஓரளவேனும் தெரிகிறது என்று வரைபடத்தில் கோடு போட்டுப் பார்ப்பார்கள். ஏறத்தாழ பாதி அறைக்காவது அது கிடைத்தால் போதும் என்பது வழக்கம். நூறாண்டு கடந்தும் ஆங்கிலேய நீதிமன்றங்களில் இம்முறை அடிபடுகிறது.

காற்றைப் பொறுத்தவரை ஆங்கிலேயச் சட்டம் இன்னும் கடுமையானது. திறந்தவெளியில் பொதுவாக வீசும் காற்றுக்கு எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் உரிமை பிறப்பதில்லை. குறிப்பிட்ட ஒரு துவாரம் அல்லது குழாய் வழியாக வரும் காற்றுக்கு மட்டுமே அது பிறக்கும். 1890ஆம் ஆண்டு நாட்டிங்ஹாமில் ஒரு மதுக்கடையின் நிலவறை, பாறையில் வெட்டிய துளை வழியாகப் பக்கத்து மனையில் இருந்த பாழுங்கிணற்றோடு இணைந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து மனைக்காரர் கிணற்றின் வாயை மூடினார். மதுக்கடைக்காரர் வென்றார். காரணம், அந்தக் காற்று வந்த வழியை இதுதான் என்று விரல்வைத்துக் காட்ட முடிந்தது. நம் வீட்டுப் பின்கதவு வழியாக வீசும் மாலைக் காற்றை அப்படிக் காட்ட முடியாது. வெறும் காட்சிக்கோ, அதாவது சன்னலிலிருந்து மலையோ கடலோ தெரிவதற்கோ, 1610ஆம் ஆண்டிலிருந்தே அங்கு உரிமை இல்லை.

இங்கே அது ஏன் செல்லாது?

1966ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த தேசிய நிலச் சட்டத் தொகுப்பு, தீபகற்ப மலேசியாவின் நில உரிமையைப் பதிவேட்டின் மேல் நிறுத்தியிருக்கிறது. நிலப் பட்டாவைப் பார்த்தால் அந்த நிலத்தைப் பற்றிய பாரங்கள் அனைத்தும் அதில் தெரிய வேண்டும் என்பதே அதன் அடிப்படை. வெறுமனே நெடுங்காலம் அனுபவித்ததால் வசதியுரிமை தோன்றாது என்று அச்சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. இருபது ஆண்டு அல்ல, அறுபது ஆண்டு வெளிச்சம் வந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

இது கொடுமையாகத் தோன்றலாம். மறுபக்கத்திலிருந்து பாருங்கள். நீங்கள் சேமித்த பணத்தில் ஒரு காலி மனை வாங்குகிறீர்கள். பட்டா சுத்தமாக இருக்கிறது. வீடு கட்டத் தொடங்கியதும் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, “என் சன்னலுக்கு இருபது வருச உரிமை இருக்கு, நீங்க ஒரு மாடிக்கு மேல கட்டக்கூடாது” என்கிறார். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத உரிமை உங்கள் மனையின் பாதி மதிப்பை விழுங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் சட்டம் இப்படி அமைந்தது.

வெளிச்சத்திற்கான வசதியுரிமை இங்கு அறவே கிடையாது என்றும் எண்ணிவிட வேண்டாம். பக்கத்து நிலத்துக்காரர் சம்மதித்து, 17A படிவத்தில் எழுதிக் கொடுத்து, நில அலுவலகத்தில் அது பதிவானால், குறிப்பிட்ட உயரத்துக்குமேல் கட்டுவதில்லை என்ற கட்டுப்பாடு அவர் பட்டாவில் ஏறும். பின்னர் நிலத்தை வாங்குபவரையும் அது கட்டும். ஆனால், அடுக்குமாடி கட்ட நிலம் வாங்கிய மேம்பாட்டாளர் இதை ஏன் எழுதித்தரப் போகிறார்? அண்ணன் தம்பி நிலத்தைப் பிரித்துக்கொள்ளும்போதும், தம் மனையில் ஒரு பகுதியை விற்கும்போதும்தான் இதற்கு உண்மையான வாய்ப்பு உண்டு. கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

தொல்லை என்ற அடிப்படையில் வழக்குத் தொடுக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. கட்டுமானத் தூசி, இரவு நேர இரைச்சல், சுவரில் விரிசல் ஆகியவற்றுக்கு அது பொருந்தும். கட்டடம் அங்கே நிற்பதே தொல்லை என்று சொல்வது கடினம். இலண்டன் கெனரி வார்ஃபில் எழுந்த 50 மாடிக் கோபுரம் தொலைக்காட்சி அலைகளை மறைத்தது என்று அக்கம்பக்கத்தார் வழக்கிட்டபோது, 1997இல் பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. தன் நிலத்தில் கட்டுவது ஒருவரின் உரிமை, அதைக் கட்டுப்படுத்த வேண்டிய இடம் திட்டமிடல் அனுமதி என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இங்கு ஒரு முரணைக் கவனியுங்கள். 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச்சட்டங்களின்படி, குடியிருக்கும் அறை ஒவ்வொன்றுக்கும் தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாத சன்னல் இருக்க வேண்டும். அதில் தரைப்பரப்பின் 5 விழுக்காடாவது காற்று தடையின்றிப் புகும் திறப்பாக இருக்க வேண்டும். ஆக, சன்னல் வைக்கும்படி உங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம், அந்தச் சன்னலுக்கு அப்பால் உள்ள வெளிச்சத்தை உங்களுக்குச் சொந்தமாக்கவில்லை.

உண்மையில் உள்ள உரிமை

வெளிச்சத்தின்மேல் உரிமை இல்லை. ஆனால் அதைப் பற்றிப் பேச உரிமை உண்டு. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172, இதற்கு வழி வைத்திருக்கிறது. உள்ளூர்த் திட்டம் (ரஞ்சாங்கான் தெம்பாத்தான்) நடைமுறைக்கு வராத பகுதியில் ஒரு மேம்பாட்டுக்குத் திட்டமிடல் அனுமதி கேட்கப்பட்டால், ஊராட்சி மன்றம் அக்கம்பக்க நில உரிமையாளர்களுக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். ஒட்டியுள்ள நிலம் மட்டுமன்று. 20 மீட்டருக்கு மேற்படாத சாலை, சந்து, வடிகால் இடையில் இருந்தாலும் அது அக்கம்பக்க நிலமே. நம் வரிசை வீடுகளின் பின்சந்து இதற்குள் அடங்கிவிடும்.

அறிவிப்புக் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபத்தைக் காரணங்களோடு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தில் “என்னை நேரில் அழைத்துக் கேட்க வேண்டும்” என்ற ஒரு வரி அவசியம். ஆட்சேபித்து, விசாரணையும் கேட்டவரைத்தான் மன்றம் அழைக்கக் கடமைப்பட்டுள்ளது. முடிவு பிடிக்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். அந்தக் கதவும் முன்பு ஆட்சேபித்தவருக்கே திறக்கும். வாய்திறக்காமல் இருந்துவிட்டு, கட்டடம் எழுந்த பின் வாரியத்துக்குப் போக முடியாது.

அறிவிப்பு நில உரிமையாளருக்குத்தான் வரும், வாடகைக்கு இருப்பவருக்கு வராது. நம் குடும்பங்களில் தந்தை இறந்து பத்து ஆண்டு ஆகியும் பட்டாவைப் பெயர் மாற்றாமல் வைத்திருப்பது சாதாரணம். அத்தகைய வீட்டில் அறிவிப்பு யார் பெயருக்கு வரும், யார் பிரிப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

உள்ளூர்த் திட்டம் ஏற்கெனவே அரசிதழில் வெளியான பகுதிகளில் இந்தத் தனி அறிவிப்பை அச்சட்டப் பிரிவு கட்டாயமாக்கவில்லை. அங்கே பேச வேண்டிய நேரம் அதற்கும் முன்னதாக, வரைவுத் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போதே வந்துவிடுகிறது. அதற்கு நான்கு வாரத்துக்குக் குறையாத அவகாசம் தரப்படும். உங்கள் வீட்டின் பின்னால் உள்ள நிலத்துக்கு என்ன நிறம் தீட்டியிருக்கிறார்கள், எவ்வளவு அடர்த்தி அனுமதித்திருக்கிறார்கள் என்பதை அப்போதே பார்க்க வேண்டும். கோலாலம்பூருக்கு இவை பொருந்தா. அதற்குத் தனிச் சட்டம் உண்டு. அங்கேயும் அடிப்படை ஒன்றுதான். அண்டை நில உரிமையாளர்களைக் கேளாமல் கொடுத்த மேம்பாட்டு ஆணை செல்லாது என்று அப்போதைய உச்ச நீதிமன்றம் 1992இல் டத்தின் அசிசா வழக்கில் தீர்ப்பளித்தது. வெளிச்சம் போயிற்று என்று யாரும் அங்கே வெல்லவில்லை. கேட்கப்படவில்லை என்று வென்றார்கள்.

ஒரு வீட்டின் கணக்கு

எனக்கு வேண்டிய ஒரு குடும்பம், உள்ளூர்த் திட்டம் வெளிவராத ஒரு சிறு நகரில் ஒற்றை மாடி வரிசை வீட்டில் குடியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் பின்சந்துக்கு அப்பால் இருந்த பழைய கிடங்கை இடித்துவிட்டு, 18 மாடி அடுக்குமாடிக்கு மனுச் செய்தார்கள். வீட்டுக்காரர் பணி ஓய்வு பெற்றவர். அறிவிப்போடு என்னிடம் வந்தார். “நாங்க குடிவந்து இருபத்தாறு வருசம் ஆச்சு தம்பி. வெளிச்சம் நமக்குப் பாத்தியமாயிருச்சுல்ல?” என்றார். இல்லை என்பதை விளக்கிவிட்டு, முதலில் அளக்கலாம் ஐயா என்றேன்.

அளப்பது எளிது. சன்னலின் நடுப்புள்ளியில் நின்று, நேர் எதிரே உள்ள கட்டடத்தின் உச்சியைப் பார்க்கும் கோணம் எத்தனை பாகை என்பதே வேண்டியது. கட்டடத்தின் உயரத்திலிருந்து சன்னல் நடுப்புள்ளியின் உயரத்தைக் கழித்து, இடைத்தூரத்தால் வகுத்தால் அந்தக் கோணத்தின் ‘டேன்’ மதிப்புக் கிடைக்கும்.

பின்பக்கச் சன்னலின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.5 மீட்டர். எதிர்க்கட்டடம்வரை 15 மீட்டர். பழைய கிடங்கின் உயரம் 7.5 மீட்டர். ஆறை 15ஆல் வகுத்தால் 0.4; கோணம் 22 பாகை. புதிய வரைபடத்தில் அவர்கள் சன்னலுக்கு நேர் எதிரே வருவது 18 மாடிக் கோபுரம் அன்று. அது நிலத்தின் மறுமூலையில் ஒதுங்கியிருந்தது. நேர் எதிரே வருவது ஐந்தடுக்கு வாகன நிறுத்தகம், மதிலோடு சேர்த்து 16.5 மீட்டர் உயரம். பதினைந்தைப் பதினைந்தால் வகுத்தால் ஒன்று. கோணம் 45 பாகை.

தெருவே கோபுரத்தைக் கண்டு பயந்துகொண்டிருந்தது. இந்தச் சன்னலின் வானத்தைத் தின்னப் போவதோ வாகன நிறுத்தகம். நீளமாகவும் அருகாகவும் நிற்கும் தாழ்ந்த கட்டடம், ஒல்லியாகத் தள்ளி நிற்கும் உயர்ந்த கட்டடத்தைவிட அதிகம் மறைக்கும். பலரும் தவறவிடும் இடம் இது.

எதிரே ஒன்றுமே இல்லாதபோது சன்னலில் விழும் வான் வெளிச்சத்தை 100 என்று வைத்தால், நீண்ட கட்டடம் 22 பாகையில் நிற்கும்போது ஏறத்தாழ 63 கிடைக்கும். 45 பாகையில் அது 29 ஆகச் சுருங்கும். வானம் முழுவதும் ஒரே பிரகாசம் என்று கொண்டு போட்ட எளிய கணக்கு இது. பிரிட்டனின் கட்டட ஆய்வு நிறுவன வழிகாட்டி, 25 பாகைக்குள் இருந்தால் கவலையில்லை என்றும், முன்பிருந்ததில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே போனால் இழப்பு உணரப்படும் என்றும் சொல்கிறது. மேகம் மூடிய வானத்துக்கு எழுதப்பட்ட அளவுகள் அவை. நம் வானம் அதைவிடப் பிரகாசமானது. இங்கு அவற்றுக்குச் சட்ட வலுவும் இல்லை. ஆனால் “இருட்டாகிவிடும்” என்று எழுதுவதைவிட “63இலிருந்து 29க்கு இறங்கும்” என்று எழுதினால், திட்டமிடல் அதிகாரி மேம்பாட்டாளரிடம் பதில் கேட்டாக வேண்டியிருக்கும்.

காற்றின் பக்கத்தில் எங்கள் வாதம் அவ்வளவு வலுவாக இல்லை. அந்த வரிசையில் பல வீடுகள் சமையலறையைப் பின்மதில்வரை இழுத்துக் கட்டி, காற்றுக்கென்று விட்டிருந்த திறந்த முற்றத்துக்குக் கூரையும் போட்டிருந்தன. காற்றை முதலில் அடைத்தது யார் என்ற கேள்வி விசாரணையில் வரத்தான் செய்யும். ஆகவே, முற்றத்தை மூடாத வீடுகளை மட்டும் காற்றுக்குச் சான்றாகக் காட்டினோம்.

கடிதத்தில் மலைக் காட்சி, வீட்டு விலை ஆகியவற்றைச் சேர்க்கவில்லை. கட்டக்கூடாது என்றும் எழுதவில்லை. வாகன நிறுத்தகத்தின் மேலிரு அடுக்குகளை 9 மீட்டர் பின்தள்ளவும், பின்சந்துப் பக்கச் சுவரை அடைக்காமல் கம்பித் தடுப்பாக விடவும் கேட்டோம். அப்படிச் செய்தால் கீழ் மூன்று அடுக்குகளின் உயரம் 10.5 மீட்டர், கோணம் 31 பாகை. மேலடுக்குகள் 24 மீட்டர் தொலைவுக்குப் போவதால் அவற்றின் கோணம் 32 பாகை. வெளிச்சம் 29க்குப் பதிலாக 47. எட்டு வீட்டுக்காரர்கள் தனித்தனியே கையெழுத்திட்டு, பதினெட்டாம் நாள் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கினார்கள்.

விசாரணைக்குப் பின் அனுமதி கொடுக்கப்பட்டது. மேலடுக்குகளைப் பின்தள்ளும் நிபந்தனை ஏற்கப்பட்டது. கம்பித் தடுப்புக் கோரிக்கை பாதிச் சுவராகத்தான் நிறைவேறியது. 63இல் 47 என்பது நான்கில் மூன்று பங்கு. பிரிட்டன் வழிகாட்டியின் அளவுக்குக்கூட அது குறைவே. அந்தப் பின்னறையில் மாலை நான்கு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருப்பதாக வீட்டுக்காரம்மா சொல்கிறார். முழு வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். நீதிமன்றம் சென்று “இருபத்தாறு ஆண்டு உரிமை” என்று வாதாடியிருந்தால் அதுவும் கிடைத்திராது.

எப்போது பார்ப்பது?

அனுமதி முறைப்படி கொடுக்கப்பட்டு அடித்தளம் போட்ட பிறகு செய்யக்கூடியது மிகக் குறைவு. அறிவிப்பே கொடுக்காமல் அனுமதித்திருந்தால், உயர் நீதிமன்றத்தில் நீதி மறுஆய்வு கேட்கலாம். அதற்கும் மூன்று மாதம்தான் காலம், செலவும் கூடுதல். எனவே, வீட்டுக்குப் பின்னாலோ பக்கத்திலோ காலி நிலமோ பழைய கிடங்கோ இருந்தால், தகரவேலி வரும்வரை காத்திருக்காதீர்கள். பட்டா உயிரோடு இருப்பவர் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பகுதிக்கு உள்ளூர்த் திட்டம் உண்டா, அதில் அந்த நிலத்துக்கு எவ்வளவு உயரம் அனுமதி என்று ஊராட்சி மன்றத்தில் கேளுங்கள். உங்கள் சன்னலில் நின்று இன்றைய கோணத்தை அளந்து, நாள் குறித்து, படமும் எடுத்து வையுங்கள். பழைய கட்டடம் இடிந்த பிறகு முன்பு எவ்வளவு வெளிச்சம் இருந்தது என்பதைக் காட்ட வேறு சான்று இருக்காது.